எரிந்த காரில் கிடைக்கும் செம்பு மணி எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை: மோட்டார் காப்பீட்டுப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் மோட்டார் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் அலுவலர்களுக்கும், என்னோடு ஒரே தொழிலில் இருந்த உரிமம் பெற்ற சர்வேயர்களுக்கும் வணக்கம்.

கொங்கு மாவட்டங்களில் பல ஆண்டுகள் மோட்டார் சர்வேயராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எரிந்த வாகனங்களைப் பார்த்து நான் எழுதிய அறிக்கைகளில், காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் 'மின்கசிவு' என்ற ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறேன். தீயணைப்பு நிலையச் சான்றிதழில் அப்படி இருந்தது, மறுநாள் நாளிதழிலும் அப்படியே வந்தது, நானும் அப்படியே எழுதினேன். (கசிவு வேறு, இரண்டு முனைகள் நேராகத் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட் வேறு. ஆனாலும் தமிழில் தீ என்றாலே மின்கசிவு என்று பழகிவிட்டோம்.) அந்தச் சொல்லை எழுதியதற்காக அன்று எவருடைய இழப்பீடும் நின்றுபோகவில்லை. இன்று நிலைமை மாறியிருக்கிறது. அதே சொல்லோடு 'வெளியில் பொருத்திய ஆக்சசரீஸால்' என்ற மூன்று சொற்கள் சேர்ந்துவிட்டால், கோரிக்கை மறுக்கப்படுகிறது. ஆகவே அந்த மூன்று சொற்களை எந்த ஆதாரத்தின் மேல் எழுதுகிறோம் என்று உங்களோடு பேச விரும்புகிறேன். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒரு கோரிக்கையை முழுவதுமாகச் சொல்வதே அதற்கு நேரான வழி.

திருப்பூரில் நூல் வணிகம் செய்யும் ஒருவருடைய பெட்ரோல் கார் அது. மூன்று ஆண்டுகள் ஓடியது, காப்பீட்டு மதிப்பு 5,40,000 ரூபாய், பாக்கேஜ் பாலிசி நடப்பில் இருந்தது. சேலத்திலிருந்து திரும்பி, இரவு 9.04 மணிக்குத் தன் கிடங்கின் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். கிடங்குக் கேமராவில் 9.11 மணிக்குப் பானெட்டின் இடுக்கில் புகை தெரிகிறது. காவலாளி தண்ணீர் தேடி ஓடி வருவதற்குள் முன்பக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டது, உயிர்ச்சேதம் இல்லை. சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால் டோட்டல் லாஸ் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

காரணத்தில்தான் சிக்கல் வந்தது. கார் வாங்கிய ஆறாம் மாதம் ஒரு கடையில் பனிவிளக்குகள் பொருத்தியிருந்தார். 55 வாட் பல்புகள் இரண்டு என்றால் சுமார் 9 ஆம்பியர். போட்டிருந்த ஒயர் அதைத் தாராளமாகத் தாங்கும். ஆனால் பேட்டரியிலிருந்து ரிலே வரை வந்த அந்த ஒயரில் ஃபியூஸ் இல்லை. இது தவறான வேலைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லாத ஒயர், விளக்கு அணைந்திருந்தாலும் சாவி கையில் இருந்தாலும் உயிரோடுதான் இருக்கும். எங்காவது அது உடற்தகட்டில் உராய்ந்து தொட்டுவிட்டால், கார் பேட்டரி பல நூறு ஆம்பியரை அதன் வழியே தள்ளும், சில நொடிகளில் ஒயரின் உறை எரியத் தொடங்கிவிடும். நிறுவனம் அனுப்பிய சர்வேயர், பேட்டரிக்கு அருகில் அந்த ஒயர் அறுபட்டு, முனையில் உருண்டையாகச் செம்பு மணி ஒன்று திரண்டிருப்பதைக் கண்டார். படம் எடுத்தார். 'தரமற்ற ஆக்சசரீஸ் ஒயரிங்கில் ஏற்பட்ட ஷார்ட் சர்க்யூட்டால் தீ' என்று எழுதினார். அறிக்கை ஒன்றரைப் பக்கம்.

அந்த மணியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் தொழிலில் பாதிப் பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன. செம்பு உருகுவதற்கு 1,085 டிகிரி செல்சியஸ் வேண்டும். எரியும் காரில் எல்லா இடத்திலும் அவ்வளவு வெப்பம் எழுவதில்லை. அலுமினியம் 660 டிகிரியில் ஒழுகிக் கிடக்கும்போதும் பக்கத்துச் செம்பு ஒயர் பெரும்பாலும் இழை இழையாக அப்படியே இருக்கும். ஆகவே ஒயரின் ஒரே புள்ளியில் மட்டும் செம்பு உருகி, கூர்மையான எல்லையோடு உருண்டை நின்றால், அங்கே மின்பொறி பறந்தது என்று சொல்லலாம். தீயின் வெப்பத்தால் மட்டும் உருகிய செம்பு நீளவாக்கில் மெலிந்து, கீழ்நோக்கி வழிந்து, எல்லை தெரியாமல் இருக்கும். இவ்வளவு வரை சரி. ஆனால் மின்பொறி ஏன் பறந்தது? ஒயர் தானாகக் கெட்டுத் தீயை மூட்டியிருக்கலாம். அல்லது வேறெங்கோ பிடித்த தீ வந்து உறையை எரித்து, அப்போதும் உயிரோடிருந்த ஒயர் தகட்டைத் தொட்டுப் பொறி விட்டிருக்கலாம். இரண்டிலும் ஒரே மாதிரி மணிதான் திரளும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 921 என்ற தீ விசாரணை வழிகாட்டி உலகெங்கும் இத்துறையில் கைநூலாகப் பயன்படுகிறது. மணியின் தோற்றத்தை மட்டும் வைத்து அது தீக்குக் காரணமா, தீயின் விளைவா என்று பிரிக்க முடியாது என்பதே அதன் நிலையும். அந்த மணி உறுதியாகச் சொல்வது ஒன்றுதான்: உறை போன நேரத்தில் இந்த ஒயரில் மின்சாரம் இருந்தது.

அப்படியானால் மணி பயனற்றதா என்றால், இல்லை. ஒரு மணியை மட்டும் பார்க்காமல் எல்லா மணிகளையும் அவை இருக்கும் வரிசையில் பார்த்தால் அவை பேசும். அந்தக் கார் ஒரு யார்டில் கிடந்தபோது, உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் நானும் என் பழைய நண்பரான ஒரு கார் எலக்ட்ரீஷியனும் சென்று பார்த்தோம். பனிவிளக்கு ஒயர் இடது முன்மூலையில் இருந்த பேட்டரியிலிருந்து கிளம்பி, பேட்டரித் தட்டின் அடியில் இறங்கி, எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடையேயுள்ள பின்சுவரை ஒட்டி வலப்பக்கம் போய், அங்கே ரிலேயில் முடிந்தது. முதல் சர்வேயர் படமெடுத்த மணி இடது மூலையில் இருந்தது. வலது பின்மூலையில், ரிலேக்கு அருகில், அதே ஒயரில் இன்னும் இரண்டு மணிகள் இருந்தன. அங்கேயே கம்பெனி ஒயர்க் கட்டிலும் ஒரு மணி இருந்தது.

இங்கே ஒரு எளிய கணக்கு உண்டு. மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது. பேட்டரிக்கு அருகே ஒயர் முதலில் அறுபட்டிருந்தால், அதற்கு அப்பால் உள்ள பகுதி அந்த நொடியிலேயே செத்துவிடும். பிறகு தீ அங்கே போனாலும் மணி திரளாது, உறை மட்டும் கருகும். கடைக்கோடியில் மணிகள் இருக்கின்றன என்றால், தீ அங்கே வந்தபோது பேட்டரிப் பக்கம் இன்னும் அறுபடவில்லை. ஆகவே இடது மூலையின் மணி, அறிக்கை காரணமாகக் காட்டிய அந்த மணி, வரிசையில் கடைசியாகத் திரண்டது. பானெட்டின் உட்பக்கமும் இதையே காட்டியது. வலது பின்பகுதியில் பெயின்ட் முழுதும் எரிந்து தகடு வெளுத்திருந்தது, இடது முன்பகுதியில் பெயின்ட் கொப்பளித்ததோடு நின்றிருந்தது. தீ வலது பின்மூலையில் தொடங்கி, பானெட்டின் அடியாக இடப்பக்கம் பரவியிருக்கிறது.

சரி, வலது மூலையிலும் அந்தப் பனிவிளக்கு ஒயர் இருந்ததே, அது அங்கே தீயை மூட்டியிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நாங்களும் அதைத்தான் அடுத்துப் பார்த்தோம். ஃபியூஸ் இல்லாத ஒயர் கடைக்கோடியில் நேராகத் தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால், பல நூறு ஆம்பியர் பேட்டரி தொடங்கி அந்த இடம் வரை ஒயரின் முழு நீளத்திலும் ஓடும். அப்போது தீயே எட்டாத இடத்திலும் உறை உள்ளிருந்து வெந்து, செம்பைவிட்டுக் கழன்று, தளர்ந்த சட்டை போல நிற்கும். அதோடு சேர்த்துக் கட்டிய பக்கத்து ஒயர்களிலும் தடம் விழும். பேட்டரித் தட்டின் அடியில் தீ எட்டவில்லை. அங்கே அரையடி நீளத்துக்கு அந்த ஒயரின் உறை மிருதுவாக, செம்பைக் கவ்வியபடியே இருந்தது. ரிலேயின் பித்தளை நாக்குகளும் குழிவிழாமல் இருந்தன. தளர்ந்த இணைப்பு நெடுநாள் சூடாகிக்கொண்டிருந்தால் அவை அரித்துப்போயிருக்கும். இவை அந்த ஒயரை முற்றாக விடுவித்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் ஒரு நொடிப் பொறி நீளம் முழுவதையும் சூடாக்காது. ஆனால் குற்றம் சாட்டும் ஆதாரம் எதுவும் அதில் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம்.

அதே மூலையில் வேறு இரண்டு சந்தேகங்கள் இருந்தன. அந்த எஞ்சினின் புகைபோக்கிக் குழாய்கள் பின்சுவரை நோக்கியவை, அவற்றுக்கு மேலே பிரேக் ஆயில் கிண்ணம். மேலும், மூன்று வாரம் முன்பு நடந்த சர்வீஸின் ஜாப் கார்டில், எஞ்சின் மேல்மூடியின் காஸ்கெட்டில் எண்ணெய் கசிகிறது, அடுத்த சர்வீஸில் மாற்றலாம் என்று எழுதியிருந்தது. நெடுஞ்சாலையில் ஓடிவந்த காரை நிறுத்தியதும் காற்றோட்டமும் குளிர்நீர்ச் சுழற்சியும் நின்றுவிடும். சிறிது நேரத்துக்குப் பானெட்டுக்குள் வெப்பம் ஏறவே செய்யும். சூடான குழாயில் எண்ணெய் சொட்டிப் புகைந்து பிடித்தது என்பது அந்த ஏழு நிமிடத்துக்குப் பொருந்துகிற விளக்கம். ஆனால் அதையும் எங்களால் நிறுவ முடியவில்லை. கிரேனில் தூக்கியபோது உருகிய பாகங்கள் பல முற்றத்திலேயே கொட்டிப் பெருக்கப்பட்டுவிட்டன, கார் பத்து நாள் திறந்தவெளி மழையில் கிடந்தது, ஃபியூஸ் பெட்டியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆகவே நான் எழுதிக்கொடுத்த குறிப்பின் முடிவு இதுதான்: தீ தொடங்கிய இடம், வலது பின்மூலை, காரணம், தீர்மானிக்க இயலவில்லை.

நண்பர்களே, 'தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதுவதற்கு நம் ஆட்கள் ஏனோ கூச்சப்படுகிறார்கள். நானும் கூச்சப்பட்டவன்தான். படிவத்தில் கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாவிட்டால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம். அதனால் வேறு காரணங்கள் கண்ணில் படவில்லை என்பதையே, கண்ணில் பட்ட ஆக்சசரிக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிடுகிறோம். இப்படி ஒன்றொன்றாகக் கழித்து, மிஞ்சியதைச் சான்றில்லாமலே காரணமாக்கும் முறையை மேலே சொன்ன வழிகாட்டி 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தள்ளிவிட்டது.

இனி நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சர்வேயரின் பிழையைவிட அதில் உள்ள பிழை பெரியது. ஒரு பேச்சுக்கு, பனிவிளக்கு ஒயரே தீயை மூட்டியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் இழப்பீடு மறுக்கப்பட வேண்டுமா? கடிதம் மூன்று காரணங்களைச் சொன்னது.

முதலாவது, பாலிசியில் மின் பழுதுக்கு விலக்கு உண்டு என்பது. உண்டுதான். ஆனால் அதே பாலிசியின் முதல் பிரிவில், காக்கப்படும் ஆபத்துகளில் தீ, வெடிப்பு, தானே பற்றிக்கொள்ளுதல், மின்னல் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. ஒயர் கருகி விளக்கு எரியாமல் போனால் அது மின் பழுது. அந்த ஒயரின் விலையை நீங்கள் தர வேண்டாம். அதிலிருந்து தீ எழுந்து கார் எரிந்தால் அது தீ. மின் பழுதிலிருந்து எழுந்த தீயெல்லாம் விலக்கு என்று வாசித்தால், நிறுத்தியிருக்கும் ஒரு காரில் எந்தத் தீதான் மிஞ்சும்? 2023இல் முதித் ரோட்வேஸ் வழக்கில், ஒரு கிடங்குத் தீயைப் பற்றி, தீக்குக் காரணம் ஷார்ட் சர்க்யூட்டா வேறா என்பது முக்கியமில்லை, காப்பீடு பெற்றவர் அதை மூட்டாதிருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது கார் வழக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் தீ என்ற சொல்லை எப்படி வாசிப்பது என்பதற்கு அது வழி காட்டுகிறது.

இரண்டாவது, பனிவிளக்குகளைத் தெரிவித்துக் கூடுதல் பிரீமியம் கட்டவில்லை என்பது. மின் ஆக்சசரீஸுக்கான ஐ.எம்.டி. 24 என்ற இணைப்பைத்தான் கடிதம் குறிப்பிட்டது. காரின் விலைப்பட்டியலில் சேராத மின்பொருள்களைக் காப்பதற்கு, அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கட்டுவது பழைய கட்டணப் புத்தகம் தொட்டு வந்த வழக்கம். இந்த விளக்குகள் 6,000 ரூபாய். கட்ட வேண்டியது ஆண்டுக்கு 240 ரூபாய். அதைக் கட்டாதவருக்கு அந்த 6,000 ரூபாய் விளக்குகளுக்கு இழப்பீடு கிடைக்காது. அவ்வளவுதான் அந்த இணைப்பின் எல்லை. அதைக் கட்டாவிட்டால் காருக்கே காப்பு போய்விடும் என்று அதில் எந்த வரியும் இல்லை. சி.என்.ஜி., எல்.பி.ஜி. கிட் பொருத்திவிட்டு ஆர்.சி.யில் பதியாதவருடைய நிலை வேறு. அது வாகனத்தின் எரிபொருளையே மாற்றுகிறது, அதைச் சட்டமும் வேறாகவே பார்க்கிறது. இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள்.

மூன்றாவது, வாகனத்தை நல்ல நிலையில் வைத்துக்கொள்ள நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையை மீறிவிட்டார் என்பது. மூன்றில் இது ஒன்றே எடை உள்ளது. ஆனால் நூல் வணிகர் ஒருவர் கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து விளக்குப் பொருத்தச் சொன்னார். பானெட்டைத் திறந்து ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதது அவருடைய அலட்சியமா? விளக்கு மினுக்கினாலும் கருகல் வாசனை வந்தாலும் கவனிக்காமல் ஓட்டினார் என்று காட்டினால் அது வேறு. விலக்கையோ மீறலையோ சொல்லி மறுக்கும் நிறுவனமே அதை நிரூபிக்க வேண்டும் என்பது காப்பீட்டுச் சட்டத்தில் நன்கு நிலைத்த விதி.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆக்சசரீஸ் உண்மையாகவே தீ மூட்டிய கார்களையும் பார்த்திருக்கிறேன். ஈரோட்டில் ஒரு கார், டிக்கியில் ஆம்ப்ளிஃபயர். பேட்டரியிலிருந்து கதவடியாகப் பின்னால் போன தடித்த ஒயரைப் பின்சீட்டின் திருகு ஒன்று கடித்துவிட்டது. எரிந்தது பின்சீட்டு மட்டும். ஆனால் தீயே போகாத முன்கதவடியில், கார்ப்பெட்டின் கீழே, அந்த ஒயரின் உறை பேட்டரி வரை கழன்று கிடந்தது, கார்ப்பெட்டில் அதன் நீளத்துக்கு ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. திருகில் செம்பு ஒட்டியிருந்தது. அப்படி ஒரு காரில் ஆக்சசரி என்று எழுதக் கை நடுங்க வேண்டியதில்லை. அங்கேயும் நிறுவனம் உரிமையாளருக்கு இழப்பீடு கொடுத்தது. கொடுத்துவிட்டு, அவருடைய உரிமையில் நின்று பொருத்திய கடையிடம் வசூலிக்க நோட்டீஸ் அனுப்பியது. அதுதான் சரியான திசை. உரிமையாளர் தனியாக எங்கே போவார்? காரை விற்ற நிறுவனத்திடம் போனால், மாற்றம் செய்யப்பட்ட பொருளுக்குப் பொறுப்பில்லை என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவைக் காட்டுவார்கள். கடையிடம் போனால் பில்லே இருக்காது. ஆய்வகமும் வழக்கறிஞரும் உங்களிடம்தான் இருக்கிறார்கள்.

திருப்பூர்க் கார் எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குறிப்போடு குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதியபின், நிறுவனம் மறுப்பைத் திரும்பப் பெற்று, 'நான்-ஸ்டாண்டர்டு' அடிப்படையில் 75 சதவீதம் தர முன்வந்தது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை என்று நான் சொன்னேன். கார்க் கடன் தவணை நின்றிருந்ததால் அவர் காத்திருக்க விரும்பவில்லை, வாங்கிக்கொண்டார். நிபந்தனை மீறல் நிரூபணமானபோது 75 சதவீதம் தருவதற்கு அமலேந்து சாஹூ போன்ற தீர்ப்புகள் உண்டு. இங்கே எந்த மீறல் நிரூபணமானது என்று அந்தக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பேரம் பேசிக் கழித்த அந்த 1,35,000 ரூபாய்க்கு இன்றுவரை கணக்கு கிடையாது.

சர்வேயர்களிடம் நான் கேட்பது பெரிய கருவிகள் எதையும் அல்ல. காரைக் கிரேன் தொடுவதற்கு முன், பானெட் மூடியபடியும் திறந்தபடியும் நான்கு பக்கமும் படம் எடுங்கள். கீழே விழுந்ததைப் பெருக்க விடாமல் ஒரு சாக்கில் கட்டச் சொல்லுங்கள். ஃபியூஸ் பெட்டியையும் பேட்டரி முனை ஒயர்களையும் கழற்றி, பெயரெழுதி, உரிமையாளர் கையெழுத்தோடு உறையிலிட்டு வையுங்கள். காரை மூடிய இடத்தில் நிறுத்துங்கள். ஒரு மணி கண்டால் அதோடு நிற்காமல், அந்த ஒயரைக் கடைசி வரை விரலால் தடவிப் போங்கள். அறிக்கையில் எந்தெந்தக் காரணங்களைப் பார்த்தீர்கள், எதை ஏன் தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். ஜாப் கார்டைக் கேளுங்கள். உரிமையாளர் அறிக்கையின் படியைக் கேட்டால் கொடுங்கள். அது அவருக்கு உள்ள உரிமை, நம் தயவு இல்லை.

கோரிக்கைகளைத் தீர்மானிக்கும் அலுவலர்களிடம் கேட்பது இதனினும் சிறிது. சர்வேயர் அறிக்கை கடைசிச் சொல் அல்ல என்று 2009இல் பிரதீப் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை, உங்கள் நிறுவனங்கள் தமக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் எடுத்துக்காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரைப் பக்க அறிக்கையில் ஒரு மணியின் படத்தை வைத்து மறுப்புக் கடிதம் தயாராகும்போதும் அதே தீர்ப்பை எடுத்துப் பாருங்கள். மற்ற மணிகளின் படம் எங்கே என்று சர்வேயரைக் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். காரணம் தெரியவில்லை என்று வரும் அறிக்கையை, தீ என்ற ஆபத்து நேர்ந்தது, விலக்கு நிரூபணமாகவில்லை என்று வாசித்துத் தொகையை அனுப்புங்கள். ஆக்சசரிதான் என்று தெளிவாக நிரூபணமானால், அந்த ஆக்சசரியின் விலையை மட்டும் கழித்துவிட்டு, பொருத்திய கடைக்கு நோட்டீஸ் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் சர்வேயர் ஒருவர்,
ஈரோடு.